"புறக்கணிக்கத்தக்கது" என்ற ஒரு சொல்லும் மலை ஏறிய ஓர் ஊசலும்

உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்காகவும் கற்பிக்கும் நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

எளிய இசை இயக்கம் பாடத்தில் வருடா வருடம் வேறு வேறு உடுப்பில் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஓர் எளிய ஊசலையும், சுருளி வில்லில் தொங்கும் ஒரு திணிவையும் சந்திரனுக்குக் கொண்டு போனால், அல்லது மலை உச்சிக்குக் கொண்டு போனால், எதன் அலைவு காலம் மாறும்? பிள்ளைகள் இரண்டு சூத்திரங்களையும் எழுதுவார்கள்.

ஊசலுக்கு: T = 2π√(l/g)
வில்லுக்கு: T = 2π√(m/k)

முதலாவதில் g இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. ஆகவே ஊசலின் காலம் மாறும், வில்லின் காலம் மாறாது. விடையில் கோடு கீறிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

வலப்பனையில் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான். "சேர், அப்ப நாங்க கொழும்புல செஞ்ச அதே செய்முறைய நுவரெலியாவுல செஞ்சா வேற விடை வருமா?"

"அந்த வித்தியாசம் புறக்கணிக்கத்தக்கது" என்று சொல்லி அவனை இருத்திவிட்டோம். விடை பிழையில்லை. ஆனால் நல்ல கேள்வியொன்றை அந்த ஒரு சொல்லால் மூடிவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் "புறக்கணிக்கத்தக்க" வித்தியாசத்தை அளக்க ஊசலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி, திரும்பி வராத ஒரு மனிதர் இருக்கிறார். அவருடைய பயணப் பாதை குமரிமுனைக்குப் பக்கத்திலும் வருகிறது. அந்தக் கதையையும், எங்கள் மாணவனுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய விடையையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் வகுப்பறைக் கணக்கு. ஒரு மீற்றர் நீள ஊசலை எடுத்து 50 அலைவுகளுக்குக் காலம் பார்க்கிறோம் என்று வையுங்கள். எங்கள் நாட்டில் g ஏறத்தாழ 9.78. ஓர் அலைவுக்கு 2.009 செக்கன், 50 அலைவுக்கு 100.46 செக்கன் வரும். இதையே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் செய்தால் 50 அலைவுக்கு ஒரு செக்கனின் நூறில் இரண்டு, மூன்று பங்குதான் கூடும். நிறுத்தற் கடிகாரத்தை அமத்தும் எங்கள் விரலே 0.2 செக்கன் அளவில் பிழை விடும். விரலின் பிழைக்குள் மலை ஒளிந்துகொள்கிறது. நாங்கள் சொன்ன "புறக்கணிக்கத்தக்கது" என்பதன் உண்மையான அர்த்தம் இவ்வளவுதான்: எங்கள் கருவிக்கு அது தெரியாது.

ஐம்பது அலைவுக்குப் பதிலாக ஒரு நாள் முழுக்க, 86,400 செக்கன்களும், ஊசலை ஆட விட்டால்? சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து பல செக்கன்கள் ஆகிவிடும். நாள் முழுக்க ஆடும் ஊசலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் மணிக்கூடு.

இங்கே ஒரு சிறு விலகல். முகநூலில் அடிக்கடி ஒரு பதிவு சுற்றுகிறது: ஊசலைக் கண்டுபிடித்தவர் கெய்ரோவில் வாழ்ந்து 1009இல் மறைந்த வானியலாளர் இப்னு யூனுஸ், கலிலியோ அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார் என்று. நாங்களும் ஒரு காலத்தில் அதைப் பகிர்ந்திருக்கிறோம். அதற்கு ஆதாரம் இல்லை. 1684இல் ஒக்ஸ்போர்டின் எட்வர்ட் பேர்னார்ட் போகிற போக்கில் எழுதிய ஒரு கூற்றிலிருந்து அந்தக் கதை வளர்ந்தது என்பதை டேவிட் கிங் என்ற ஆய்வாளர் 1979இல் விரிவாகக் காட்டிவிட்டார். இஸ்லாமிய வானியலை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். இப்னு யூனுஸின் பெருமை அவருடைய கிரகண அவதானங்களிலும் அட்டவணைகளிலும் இருக்கிறது. செய்யாத வேலையை அவர் தலையில் ஏற்றத் தேவையில்லை.

ஊசல் மணிக்கூட்டை 1656இல் அமைத்தவர் ஒல்லாந்தர் ஹைகன்ஸ். அதற்குப் பதினாறு வருடம் கழித்து, 1672இல், ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் மத்திய கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடும்படி அமைத்த ஊசல் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. சரியாக ஓட வைக்க ஊசலின் நீளத்தை மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் குறைக்க வேண்டி வந்தது. வெக்கையில் உலோகம் நீண்டிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் வெப்பத்தால் மட்டும் அவ்வளவு வராது. பூமி சுழல்வதாலும், மத்திய கோட்டில் புடைத்து முனைவுகளில் தட்டையாக இருப்பதாலும் மத்திய கோட்டில் g குறைவு என்று நியூட்டன் விளக்கினார். ஊசல் நேரத்தை மட்டுமல்ல, பூமியின் வடிவத்தையும் சொல்லும் என்று ஆனது.

எங்கள் பக்கத்தில் இந்த வேலை நடந்த இடம் சென்னை. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானியல் அவதான நிலையம் கட்டியது. கருவி வைப்பதற்காக நாட்டிய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. அந்த நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் கோல்டிங்ஹாம் 1821இல் அங்கே ஓர் ஊசலை ஆட விட்டார். ஹென்றி கேற்றர் லண்டனில் சோதித்து அனுப்பிய பித்தளை ஊசல் அது. நூலும் குண்டும் அல்ல. ஒரே துண்டாகச் செய்த, நீளத்தை மாற்ற முடியாத தண்டு. மேலே ஒரு கத்தி விளிம்பு, அது கடினமான ஒரு தட்டில் தங்கி ஆடும். நீளம் மாறாது என்றால் லண்டனிலும் சென்னையிலும் கிடைக்கும் கால வித்தியாசத்துக்கு g மட்டுமே காரணம்.

அலைவைத் துல்லியமாக எப்படி எண்ணினார்கள் என்பதுதான் மிக அழகான பகுதி. எந்த விரலும் பொத்தானை அமத்தவில்லை. நன்றாக ஓடும் ஒரு மணிக்கூட்டின் ஊசலுக்கு முன்னால் இந்தச் சோதனை ஊசலைத் தொங்கவிட்டு, தூரத்திலிருந்து தொலைநோக்கியால் பார்ப்பார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஆடும், ஆனால் முழுக்க ஒரே வேகம் அல்ல. ஒரு கணத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்திப் போகும். பிறகு மெல்ல விலகும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பொருந்தும். இரண்டு பொருத்தங்களுக்கு இடையில் மணிக்கூட்டு ஊசலை விட மற்றது சரியாக இரண்டு ஆட்டம் பின்தங்கியிருக்கும். (இங்கே ஓர் ஆட்டம் என்பது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது. அதற்கு ஒரு செக்கன்.)

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பொருத்தங்களுக்கு இடையில் 500 செக்கன் என்று வையுங்கள். அந்த நேரத்தில் சோதனை ஊசல் 498 தடவை ஆடியிருக்கும். ஒரு நாளுக்கு 86,400 × 498/500, அதாவது 86,054.4 ஆட்டம். பார்ப்பவர் ஒரு முழுச் செக்கன் பிழை விட்டு 501 என்று எழுதிவிட்டாலும் விடை 86,055.1 என்றுதான் வரும். முழு நாளுக்கும் ஓர் ஆட்டம்கூடப் பிழை இல்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் 0.2 செக்கன் பிழையே மலையை மறைத்தது. இங்கே ஒரு செக்கன் பிழையும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கருவி விலை உயர்ந்தது என்பது காரணமல்ல, அளக்கும் முறை அப்படி.

ஒரு செக்கனுக்கு ஓர் ஆட்டம் ஆடும் ஊசலின் நீளம் லண்டனில் 39.139 அங்குலம் என்று கேற்றர் கண்டிருந்தார். சென்னையில் கோல்டிங்ஹாமுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 39.026 அங்குலம். வித்தியாசம் மூன்று மில்லிமீற்றருக்குள். அதன் அர்த்தம், லண்டன் மணிக்கூடு சென்னையில் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்கும் என்பது.

இனி மலை. மேலே போகப் போகப் பூமியின் மையத்திலிருந்து தூரம் கூடுகிறது, g குறைகிறது. கணக்கு இலகு: உயரத்தைப் பூமியின் ஆரையால் வகுத்து 86,400 ஆல் பெருக்கினால், ஊசல் மணிக்கூடு நாளொன்றுக்கு எத்தனை செக்கன் பின்தங்கும் என்று வரும். நுவரெலியாவுக்கு 1,868 ÷ 6,370,000 × 86,400. விடை 25 செக்கன்.

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கையை உயர்த்த வேண்டும். "சேர், நாங்க ஆகாயத்துல இல்லையே, மலைமேலதானே நிக்கிறோம். காலுக்குக் கீழ இருக்கிற கல்லும் இழுக்காதா?" இழுக்கும். மலைநாட்டை 1,868 மீற்றர் தடிப்பான ஒரு பெரிய கற்பலகை என்று எடுத்துக்கொண்டு, சாதாரண பாறையின் அடர்த்தியைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், இழந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக அது திருப்பித் தரும். 25 செக்கனில் 9 போய், 16 மிஞ்சும். இந்தத் திருத்தத்துக்கு பூகே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். 1730களில் அன்டீஸ் மலையில் ஊசலோடு ஏறியவர் அவர்.

ஆகவே நுவரெலியாவில் மணிக்கூடு 25 செக்கன் பின்தங்குமா, 16 செக்கன் பின்தங்குமா? அது மலையின் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தேடித்தான் அந்த மனிதர் போனார்.

அவர் பெயர் ஜேம்ஸ் பலேடியோ பசேவி. இந்தியப் பெரும் முக்கோண அளவையில் வேலை செய்த இராணுவப் பொறியியலாளர். 1865இல் தொடங்கி, றோயல் சொசைற்றியின் இரண்டு பித்தளை ஊசல்களோடு குமரிமுனைக்கு அருகிலிருந்து இமயத்தின் அடிவாரத்திலுள்ள டேராடூன் வரை நிலையம் நிலையமாகப் போனார். காற்று ஊசலை மிதக்கவும் வைக்கும், தடுக்கவும் செய்யும். அதனால் காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கலத்துக்குள் ஊசலை ஆட விட்டார். வெப்பநிலையை ஓயாமல் குறித்தார். வீச்சம் மெல்லக் குறைவதற்கும் திருத்தம் போட்டார். "சிறு வீச்சத்துக்கு மட்டும்" என்று நாங்கள் சூத்திரத்தின் பக்கத்தில் எழுதிவிட்டு மறந்துபோகிறோமே, அந்த விடயம்தான். 20 பாகை கோணத்தில் ஆட விட்டால் அலைவு காலம் முக்கால் வீதம் கூடிவிடும். நாளொன்றுக்கு அது பத்து நிமிடத்துக்கு மேல். மலை தரும் 16 செக்கனைத் தேடுகிறவர் இதை விட்டுவைக்க முடியாது.

1871இல் அவர் லடாக்கின் மோரே சமவெளிக்கு ஏறினார். 15,000 அடிக்கு மேல், ஏறத்தாழ 4,700 மீற்றர். எங்கள் கணக்கை அங்கேயும் போடலாம். உயரத்தால் மட்டும் ஊசல் நாளுக்கு 64 செக்கன் பின்தங்க வேண்டும். அடியிலுள்ள பிரமாண்டமான மலைத்தொகுதி இழுத்தால் 23 செக்கன் திரும்பக் கிடைத்து, மிச்சம் 41 ஆக இருக்க வேண்டும். ஊசல் சொன்னது கிட்டத்தட்ட முதலாவது விடையை. மலை கண்முன்னே நிற்கிறது, ஆனால் ஊசலுக்கு அது இல்லாதது போலவே இருந்தது.

காரணம் கீழே இருக்கிறது. மலை உயர்ந்து நிற்கும் இடத்தில் அதன் அடியிலுள்ள புவியோட்டில் அடர்த்தி குறைந்த பொருள் கூடுதலாக இருக்கிறது. கப்பலின் மேற்பகுதி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு அடிப்பகுதி தண்ணீருக்குள் ஆழ இறங்கி நிற்கும் அல்லவா, அதைப் போல. வெளியே தெரியும் மிகையை உள்ளே இருக்கும் குறை சமன்செய்துவிடுகிறது. எயரியும் பிராற்றும் 1855 அளவில் இமயத்தை வைத்தே இப்படி யோசித்திருந்தார்கள். பசேவியின் ஊசல் அதற்கு மலைமேலிருந்து சாட்சி சொன்னது.

அங்கிருந்து இன்னும் உயரமான ஒரு நிலையத்தைத் தேடிப் போன இடத்தில், 1871 ஜூலையில், குளிரிலும் நோயிலும் பசேவி இறந்துபோனார். எஞ்சிய வேலையை ஹெவிசைட் என்ற மற்றோர் அதிகாரி முடித்து, ஊசல்களை இங்கிலாந்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் மீண்டும் சோதித்தார். வழியில் கத்தி விளிம்பு தேய்ந்திருந்தால், தண்டு சற்று வளைந்திருந்தால், நடுவில் எடுத்த எல்லா எண்ணும் வீண். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து பழைய விடை வருகிறதா என்று பார்ப்பதுதான் அதை அறிய வழி.

இனி, கேள்வியின் மற்றப் பாதி. வில்.

வில்லின் சூத்திரத்தில் g இல்லை என்று சொன்னோம். பரீட்சையில் பிள்ளைகள் விழும் குழி சரியாக இங்கேதான். ஒரு சுருளி வில்லில் 200 கிராம் திணிவைத் தொங்கவிட, அது 10 சென்ரிமீற்றர் நீண்டு ஓய்வுக்கு வருகிறது என்று வையுங்கள். அந்த நிலையில் ke = mg. அதாவது m/k = e/g. இதைச் சூத்திரத்தில் போட்டால்:

T = 2π√(e/g)

இப்போது g வந்துவிட்டது! "அப்ப சந்திரன்ல வில்லோட காலமும் கூடுமே சேர்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். பல்தேர்வு வினாவில் அந்தப் பிழையான விடைக்கென்றே ஒரு தெரிவு காத்திருக்கும்.

கணித்துப் பார்ப்போம். இங்கே e = 0.1 மீற்றர், g = 9.78. T = 0.635 செக்கன். சந்திரனில் g = 1.62. ஆனால் அங்கே திணிவின் நிறையும் குறைந்துவிட்டதால் வில் 10 சென்ரிமீற்றர் நீளாது, 1.66 சென்ரிமீற்றர்தான் நீளும். 0.0166/1.62ஐப் போட்டுப் பாருங்கள். அதே 0.635 செக்கன். g குறைந்த அதே விகிதத்தில் e குறைந்துவிட்டது. 10 சென்ரிமீற்றர் நீள ஊசல் இங்கே அதே 0.635 செக்கன்தான் எடுக்கும். ஆனால் சந்திரனில் அதன் நூல் சுருங்காது, g மட்டும் குறையும், ஆகவே 1.56 செக்கன் ஆகிவிடும்.

இதன் பௌதிகக் காரணம் ஒரு வரிதான். ஊசலைத் திருப்பி இழுப்பதும் புவியீர்ப்பு, அது அசைக்க வேண்டியதும் அதே திணிவு. ஆகவே திணிவு வெட்டுப்பட்டு g மிஞ்சுகிறது. வில்லில் திருப்பி இழுப்பது உருக்குக் கம்பி. அதற்குப் பூமி எது, சந்திரன் எது என்று தெரியாது. புவியீர்ப்பு செய்வது சமநிலைப் புள்ளியைக் கீழே இறக்குவது மட்டும். அந்தப் புள்ளியைச் சுற்றி ஆடும் வேகத்தில் அது தலையிடுவதில்லை. அதனால்தான் சில்லும் மெல்லிய சுருள் வில்லும் வைத்த கைக்கடிகாரம் கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஒரே ஓட்டம் ஓடும்.

அப்படியென்றால் வில்லால் g ஐ அளக்க முடியாதா? காலத்தைப் பார்த்தால் முடியாது. நீட்சியைப் பார்த்தால் முடியும். ஊசலின் இடத்தைப் பின்னால் பிடித்துக்கொண்ட ஈர்ப்புமானிகள் பல இந்த வழியில்தான் வேலை செய்கின்றன: உள்ளே ஒரு வில், ஒரு திணிவு, இடத்துக்கு இடம் நீட்சி எவ்வளவு மாறுகிறது என்ற நுண்ணிய வாசிப்பு. பசேவி நாட்கணக்கில் ஆட விட்டுப் பெற்றதை அது நிமிடங்களில் தருகிறது.

இனி எங்கள் மாணவனுக்குரிய விடை.

மகன், செய்முறையை நுவரெலியாவில் செய்தால் விடை வேறாகத்தான் இருக்கும். உன் நிறுத்தற் கடிகாரத்துக்கு அது தெரியாது, ஒரு மணிக்கூட்டுக்குத் தெரியும். கொழும்பில் சரியாக ஓடும் ஊசல் மணிக்கூட்டை அங்கே கொண்டுபோனால் உயரத்தால் நாளுக்கு 16 முதல் 25 செக்கன் வரை பின்தங்கும். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அகலக்கோட்டில் இருப்பதால் ரிஷே கண்ட வித்தியாசம் இங்கே குறுக்கே வராது. ஆனால் அங்கே குளிர் ஏறத்தாழ 11 பாகை கூடுதல். உருக்குத் தண்டென்றால் அது சுருங்கி நாளுக்கு 6 செக்கன் அளவில் முந்தும். ஆகவே நீ பார்க்கப்போவது 10 முதல் 19 செக்கன் வரையான பின்தங்கல். வெப்பநிலையைக் குறிக்காமல் விட்டால் அந்த 6 செக்கனை மலையின் கணக்கில் எழுதிவிடுவாய். ஒரு செக்கன் ஊசலென்றால், 16 செக்கனைச் சரிசெய்யக் குண்டின் கீழுள்ள திருகால் 0.4 மில்லிமீற்றருக்கும் குறைவாகக் குண்டை மேலே ஏற்றினால் போதும்.

நண்பர்களே, உங்கள் யாருடைய வீட்டிலாவது ஓடும் நிலையில் ஒரு பழைய ஊசல் மணிக்கூடு இருந்தால் சொல்லுங்கள். கொழும்பில் ஒரு கிழமை, மேலே ஒரு கிழமை, மீண்டும் கொழும்பில் ஒரு கிழமை என்று ஓட விட்டு, ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, பக்கத்தில் வெப்பநிலையையும் எழுத வேண்டும். மூன்றாவது கிழமை ஏன் தேவை என்று இதுவரை வாசித்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அட்டவணையை அந்த மாணவனிடமே கொடுக்கப்போகிறோம்.